ஐகான் மார்ஃப்: நடு ஃபிரேம் கற்றுக்கொடுத்தவை

ஒரு ஐகான் இன்னொன்றாக உருமாறும் மார்ஃப் அனிமேஷன்களை நான்கு வருடங்களாகச் செய்து வருகிறேன். பெரும்பாலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஷேப் லேயராகச் செய்வேன். பிறகு அது லாட்டி கோப்பாகவோ எஸ்விஜியாகவோ செயலிக்குள் போகும். முதல் வருடம் முழுக்க, அசைவின் வேகம் கூடிக் குறைவதை அமைக்கும் ஈசிங்கோடுதான் மல்லுக்கட்டினேன். உருவம் நடுவில் கசங்கும்போதெல்லாம் கிராஃப் எடிட்டரைத் திறந்து வளைவை இழுத்துப் பார்ப்பேன். கசங்கல் கொஞ்சம் வேகமாகக் கடந்து போகும், அவ்வளவுதான். கோளாறு வேகத்தில் இல்லை, புள்ளிகளின் வரிசையில் இருக்கிறது என்பது பிடிபட ரொம்ப நாள் ஆனது.

மென்பொருளுக்கு அது முக்கோணம், இது இதயம் என்றெல்லாம் தெரியாது. அதன் கையில் இருப்பது வரிசை எண் போட்ட புள்ளிகள் மட்டுமே. முதல் உருவத்தின் 1ஆம் புள்ளி இரண்டாம் உருவத்தின் 1ஆம் புள்ளிக்குப் போகும், 2ஆவது 2ஆவதற்கு, அப்படியே கடைசி வரை. எல்லாமே நேர்கோட்டில் நகரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு சதுரத்தை வரைந்து, `Convert To Bezier Path` கொடுத்து, `Path`இல் இரண்டு கீஃபிரேம் வையுங்கள். இரண்டிலும் அதே சதுரம்தான். ஆனால் இரண்டாவதில் எதிர்மூலைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து `Layer > Mask and Shape Path > Set First Vertex` கொடுங்கள். எதுவும் அசையக் கூடாது என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால் சதுரம் நடுவில் ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கி மறுபடி விரியும். ஒவ்வொரு மூலையும் தன் எதிர்மூலைக்கு நேராகப் போவதால் நான்கும் மையத்தில் சந்தித்துக்கொள்கின்றன. தொடக்கப் புள்ளியை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றும் திசையை மட்டும் மாற்றினால், நடுவில் சதுரம் ஒரு மூலைவிட்டக் கோடாக மடங்கிப்போகும்.

என் வேலையில் அதிகம் கைகொடுத்தது இந்தச் சோதனைதான். மார்ஃப் நடுவில் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு ஒடுங்கினால் தொடக்கப் புள்ளி தள்ளிப்போயிருக்கிறது. புரட்டிப்போட்டதுபோல் தட்டையானால் திசை எதிராக இருக்கிறது. பாத்தைத் தேர்ந்தெடுத்தால் முதல் புள்ளி மற்றவற்றைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். இரண்டு கீஃபிரேமிலும் அது ஏறக்குறைய ஒரே திசையில், எடுத்துக்காட்டாக மேல் இடது மூலையில், இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். ஈசிங்கைக் கடைசியாகத்தான் தொடுகிறேன்.

இப்போது அதிகம் கேட்கப்படும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: பிளே முக்கோணம் பாஸின் இரண்டு பட்டைகளாக மாறுவது. ஒரு பக்கம் மூன்று புள்ளிகளில் ஒரே உருவம், மறுபக்கம் எட்டுப் புள்ளிகளில் இரண்டு உருவங்கள். அப்படியே விட்டால் யாருக்கு யார் ஜோடி என்பதை மென்பொருளே முடிவு செய்யும்; அந்த முடிவு ஒருமுறைகூட எனக்குப் பிடித்ததில்லை. அதனால் முக்கோணத்தை முன்கூட்டியே இரண்டாக வெட்டிவிடுகிறேன். 24×24 கட்டத்தில் முக்கோணத்தின் மூலைகள் (8,5), (19,12), (8,19) என்றால், பாதி வழியில் x=13.5இல் வெட்டலாம். இடது துண்டுக்கு நான்கு மூலைகள் இயல்பாகவே கிடைத்துவிடும். வலது துண்டு முக்கோணம் என்பதால் அதன் நுனிப் புள்ளியை எஸ்விஜி பாத்தில் இரண்டு முறை எழுத வேண்டும்:

```
M8,5 L13.5,8.5 L13.5,15.5 L8,19 Z
M13.5,8.5 L19,12 L19,12 L13.5,15.5 Z
```

பாஸ் இப்படி:

```
M6,5 L10,5 L10,19 L6,19 Z
M14,5 L18,5 L18,19 L14,19 Z
```

இரண்டு பக்கமும் மேல் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றுகின்றன. பாதி நேரத்தில் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்: இடது துண்டின் வலது விளிம்பு 11.75இல் இருக்கும், வலது துண்டின் இடது விளிம்பு 13.75இல். இடைவெளி 0இலிருந்து 2 ஆகி, முடிவில் 4 ஆகிறது. வலது துண்டின் நுனி 8.5க்கும் 15.5க்கும் இடையே திறந்துகொண்டிருக்கும். அந்த நடு ஃபிரேமைத் தனியாக நிறுத்திப் பார்த்தாலும் அது ஒரு ஒழுங்கான உருவம்தான். எந்த மார்ஃபையும் இப்போது இப்படித்தான் சோதிக்கிறேன். கீஃபிரேம்களை லீனியராக்கி நடுவில் நிறுத்துகிறேன். அங்கே நிற்பது பார்க்கும்படி இல்லையென்றால் ஓடும்போதும் நன்றாக இருக்காது.

இந்த முறையை நெடுநாள் புழங்கியபோது இரண்டு தொல்லைகள் வந்தன. துண்டுகள் தனித்தனி லேயராக இருந்தால் பிளே நிலையில் வெட்டிய இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். விளிம்புப் பிக்சலை இரண்டு துண்டுகளும் தனித்தனியாகப் பாதி பாதி நிரப்புவதால் பின்னணி லேசாக எட்டிப் பார்க்கிறது. இடது துண்டின் விளிம்பை 14க்கு நீட்டி, அதன் மூலைகளை முக்கோணத்தின் சாய்வுக்கோட்டிலேயே, அதாவது 8.82, 15.18 உயரங்களில் வைத்தேன். கோடு மறைந்தது. நிறம் அரைகுறை ஒளிபுகுவதாக இருந்தால் மட்டும் இது உதவாது, மேற்படிந்த பகுதி அடர்ந்து தெரியும். அப்போது இரண்டையும் ஒரே நிரப்பின் கீழ் ஒரே பாத்தாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. என் கணினியில் சரியாக ஓடிய மார்ஃப், செயலிக்குள் போனதும் உருமாறாமல் வெட்டென்று தாவியது. எஸ்விஜியைச் சுருக்கும் கருவி, நுனியில் இரண்டு முறை எழுதிய `L19,12`ஐ வீண் என்று கருதி ஒன்றை நீக்கியிருந்தது. ஒரு பக்கம் ஏழு புள்ளி, மறுபக்கம் எட்டு. இரண்டு பாத்திலும் ஒரே கட்டளைகள் ஒரே எண்ணிக்கையில் இல்லாவிட்டால் உலாவி, பாத்தின் புள்ளிகள் அடங்கிய `d` மதிப்பை இடைநிரப்பாது, நேராகத் தாவிவிடும். அதன்பிறகு நுனியை (19,11.9), (19,12.1) என்று பிரித்தே எழுதுகிறேன். கண்ணுக்கு அது தெரிவதில்லை, கருவியும் தொடுவதில்லை.

நடுவில் ஓட்டை உள்ள ஐகானுக்கும் இதே யோசனைதான். இருப்பிடக் குறியின் வட்ட ஓட்டைக்கு ஜோடியாக, ஓட்டையே இல்லாத உருவத்துக்குள்ளும் அதே எண்ணிக்கைப் புள்ளிகளைக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் குவித்து வைத்தால், ஓட்டை ஊசிமுனையிலிருந்து விரியும்.

மார்ஃபே வேண்டாம் என்று நான் ஒதுக்கியவையும் உண்டு. மூன்று கோடு மெனு பெருக்கல் குறியாவது அதில் முதலாவது. அங்கே நடப்பது சுழற்சி. புள்ளிகளோ நேர்கோட்டில் போகும். 45 பாகை திரும்பும் கோடு நடுவில் 8 சதவீதம் சுருங்கும், 90 பாகை என்றால் 29 சதவீதம். கீழ்நோக்கிய அம்பு மேல்நோக்கித் திரும்புவதைப் பாத் மார்ஃபாகச் செய்ய முயன்றால், தண்டு கடைசி வரை தண்டாக இருக்காது. லேயரின் `Rotation`ஐச் சுழற்றினால் எதுவும் சுருங்காது.

பென்சில் குப்பைத்தொட்டி ஆவது போன்றவை இன்னொரு வகை. இரண்டுக்கும் பொதுவான விளிம்பே கிடையாது. புள்ளிகளை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் நடு ஃபிரேமில் ஒரு கட்டிதான் நிற்கும். அவற்றுக்கு 250 மில்லிவினாடிதான் கொடுக்கிறேன்: பழைய ஐகான் 60 சதவீத அளவுக்குச் சுருங்கும், அந்த ஃபிரேமிலேயே புதியது அதே அளவில் அமர்ந்து விரியும்.