முழு ஜிஎஸ்டியா, என்ரோல்மென்ட் ஐடியா: ஆன்லைனில் விற்கத் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

மீஷோ, ஃபிளிப்கார்ட், அமேசான் போன்ற தளங்களில் விற்பனையாளராகச் சேரப் போனால் முக்கியமாகக் கேட்பது மூன்று விவரம்: வரி எண், வங்கிக் கணக்கு, கூரியர்காரர் வந்து பார்சல் எடுக்க வேண்டிய முகவரி. மூன்றும் தனித்தனிப் பக்கமாக வந்தாலும், முதலில் எந்த வரி எண்ணைத் தருகிறோமோ அதை ஒட்டித்தான் மற்ற இரண்டும் அமையும். அதனால் படிவத்தைத் திறக்கும் முன்பே வரி எண்ணை முடிவு செய்துவிட வேண்டும்.

2023 அக்டோபருக்கு முன்பு இதில் யோசிக்க எதுவுமில்லை. வரி உள்ள பொருளை இப்படிப்பட்ட தளத்தில் விற்றால், வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வியாபாரம் என்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் இரண்டு வழிகள் புதிதாகத் திறந்தன. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறு வியாபாரி, ஜிஎஸ்டி தளத்தில் ஓர் என்ரோல்மென்ட் ஐடி மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். விற்பனையின் மேல் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் விற்கலாம். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும்.

என்ரோல்மென்ட் ஐடிக்கு பான் எண் வேண்டும். ஒரே மாநிலத்தில்தான் தொழில் இருக்க வேண்டும். மொத்த விற்பனை ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பைத் தாண்டக் கூடாது. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் அந்த வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். தளத்தில் விற்றது, கடையில் விற்றது, வாட்ஸ்அப்பில் விற்றது எல்லாம் ஒரே பான் எண்ணில் சேர்த்துத்தான் கணக்கிடப்படும்.

சரி, வரியில் எவ்வளவு மிச்சமாகும்? "ஜிஎஸ்டி எடுத்தால் லாபமெல்லாம் வரியிலேயே போய்விடும்" என்று பலரும் சொல்கிறார்கள். அது எப்போது உண்மை, எப்போது இல்லை என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியில் ஒருவர் சுங்குடிச் சேலை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பருத்திச் சேலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்த வியாபாரியிடம் பில் போட்டு 600 ரூபாயும் வரி 30 ரூபாயுமாக 630க்கு வாங்குகிறார். தளத்தில் 1,050 ரூபாய்க்கு விற்கிறார். தளத்துக்கான கட்டணம், கூரியர் எல்லாம் சேர்த்து 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 14.40 ரூபாய்.

என்ரோல்மென்ட் ஐடியில் விற்றால் 1,050 ரூபாயும் அவருடையது. கொள்முதல் 630, கட்டணம் 94.40 போக மிஞ்சுவது 325.60. முழு ஜிஎஸ்டியில் அதே 1,050 ரூபாயில் 50 ரூபாய் வரி. ஆனால் வாங்கியபோது கட்டிய 30 ரூபாயையும், கட்டணத்தின் மேல் கட்டிய 14.40 ரூபாயையும் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆக, அரசுக்குச் சேர வேண்டியது 5.60 ரூபாய்தான். கையில் மிஞ்சுவது 320. சேலை ஒன்றுக்கு வித்தியாசம் ஆறு ரூபாய்கூட இல்லை. பில் போட்டு வாங்கி, நடுத்தரமான லாபம் வைத்து விற்பவருக்கு ஜிஎஸ்டி பெரிய சுமை இல்லை என்பதை இதிலேயே பார்க்கலாம்.

அதே சேலையை நெசவாளர் வீட்டில், பில்லில் வரி இல்லாமல் 600 ரூபாய்க்கு நேரடியாக வாங்கினால் கதை மாறுகிறது. என்ரோல்மென்ட் ஐடியில் 355.60 மிஞ்சும். முழு ஜிஎஸ்டியில் கழிக்க 14.40 மட்டுமே இருப்பதால் 35.60 வரி கட்டி, அதே 320தான் மிஞ்சும். கொள்முதல் பில்லில் ஜிஎஸ்டி இருக்கிறதா இல்லையா என்பதே இங்கு 30 ரூபாயை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுகிறது. வீட்டிலேயே பொம்மை செய்பவர், கூடை பின்னுபவர், நெசவாளரிடம் நேரடியாக எடுப்பவர் ஆகியோருக்கு என்ரோல்மென்ட் ஐடி உண்மையிலேயே நல்ல வழி. ஈரோட்டுச் சந்தையில் பில் போட்டு எடுத்து விற்பவருக்கு, வரியை மட்டும் காரணமாக வைத்து அதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

காம்போசிஷன் இந்த மூன்றில் கடைசிதான். முதல் கணக்கிலேயே விற்பனையின் மேல் 1 சதவீதம், அதாவது 10.50 ரூபாய் கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியும் கிடையாது. மிஞ்சுவது 315.10. வெளிமாநிலத்துக்கும் விற்க முடியாது. ஏற்கெனவே கடை வைத்து அந்தத் திட்டத்தில் இருப்பவர், கூடவே கொஞ்சம் ஆன்லைனிலும் விற்கலாம் என்றால் சரி. ஆன்லைனுக்காகவே புதிதாகப் பதிபவர் அதில் போய்ச் சேர வேண்டாம் என்பேன்.

தளமே முன்கூட்டிப் பிடிக்கும் தொகையும் உண்டு. முழு ஜிஎஸ்டியில் இருப்பவரின் நிகர விற்பனையில் 0.5 சதவீதத்தைத் தளம் பிடித்து அரசுக்குக் கட்டும். 2024 ஜூலை 10க்கு முன்பு இது 1 சதவீதம். நம் சேலைக்கு 5 ரூபாய். இது வெட்டியாகப் போகும் பணம் இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் TDS and TCS Credit Received என்ற பகுதிக்குப் போய் ஏற்றுக்கொண்டால், உங்கள் ரொக்கப் பேரேட்டில் வந்துவிடும். அங்கே போய் ஏற்காமல் விடுபவர்கள் அந்தப் பணம் இருப்பதையே அறியாமல், கையிலிருந்து மறுபடியும் வரி கட்டிக்கொண்டிருப்பார்கள். என்ரோல்மென்ட் ஐடிக்காரரிடம் இந்தப் பிடித்தம் கிடையாது. வருமான வரிக்கான 0.1 சதவீதப் பிடித்தம் தனி. தனிநபராக இருந்து, பான் எண் தந்து, அந்தத் தளத்தில் ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்தால் அதுவும் பிடிக்கப்படாது.

பணத்தை விட நேரமும் கவனமும்தான் முழு ஜிஎஸ்டியில் அதிகம் செலவாகும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். தாமதமானால், ஒன்றுமில்லாத ரிட்டர்னுக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் அபராதம் ஏறும். 5 கோடிக்குள் விற்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம், அது கொஞ்சம் ஆறுதல். ஆடிட்டர் மாதம் 500 ரூபாய் கேட்கிறார், மாதம் 20 சேலைதான் போகிறது என்றால், சேலைக்கு 25 ரூபாய் அவருக்கே போய்விடும். அந்த 5.60 ரூபாயை விட இதுதான் கடிக்கும். மாதம் 200 சேலை போகும்போது அதே செலவு சேலைக்கு இரண்டரை ரூபாய்.

ஆகவே விற்பனை எங்கிருந்து வரப்போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். என்ரோல்மென்ட் ஐடியில் பெங்களூரு, ஹைதராபாத், மும்பை ஆர்டர் எதுவும் வராது. சுங்குடிச் சேலையோ பொங்கல் கோலப் பொடியோ விற்பவருக்குத் தமிழ்நாட்டுச் சந்தையே தாராளம். மொபைல் கவரோ குர்த்தியோ விற்பவருக்கு இந்தியா முழுவதும் வாங்க ஆள் இருக்கும்போது ஒரே மாநிலத்தில் நிற்பது பெரிய இழப்பு. எல்லாத் தளமும் எல்லா வகைப் பொருளுக்கும் இந்த ஐடியை ஏற்றுக்கொள்வதும் இல்லை. மீஷோ ஏற்கிறது. மற்ற தளங்களில் பதிவுப் பக்கத்திலேயே அந்தத் தேர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். பின்னால் ஜிஎஸ்டி எடுத்தால் பழைய ஐடி அந்தத் தேதியோடு செல்லாமல் போகும். அப்போது அதே விற்பனைக் கணக்கில் புது எண்ணை மாற்றித் தருவார்களா, புதுக் கணக்கு தொடங்கச் சொல்வார்களா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். சேர்த்து வைத்த ரேட்டிங் அதோடு போனால் மனசு தாங்காது.

அப்புறம் வங்கிக் கணக்கு. என்ரோல்மென்ட் ஐடியில் வருபவர் பெரும்பாலும் தன் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கையே தருவார். கணக்கில் 1 ரூபாய் போட்டுப் பார்த்து, வங்கி திருப்பி அனுப்பும் பெயரைப் பான் பெயரோடு ஒப்பிடுவார்கள். நம்மூரில் சிக்கல் இங்கேதான். பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து SELVI MURUGAN என்று இருக்கும். பாஸ்புக்கில் M SELVI என்று இருக்கும். ரூபாய் வந்து சேர்ந்திருந்தும் சரிபார்ப்பு நிற்கிறது என்றால், கணக்கு எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துப் பயனில்லை, பெயரைத்தான் பார்க்க வேண்டும். பான் நகலோடு வங்கிக் கிளைக்குப் போய், பானில் உள்ளபடியே கணக்கில் பெயரை மாற்றிக்கொள்வதுதான் நல்ல தீர்வு. கணவர் கணக்கையோ மகன் கணக்கையோ தந்தால் ஏற்க மாட்டார்கள்.

முழு ஜிஎஸ்டியில் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தருபவருக்கு இன்னொரு ஒப்பீடு உண்டு. ஜிஎஸ்டி சான்றிதழில் சட்டப்பூர்வப் பெயர் பானிலிருந்து வருகிறது, வணிகப் பெயரை நாம் எழுதுகிறோம். நடப்புக் கணக்கில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் வணிகப் பெயரை எழுத வேண்டும். டெக்ஸ் என்று ஓரிடத்திலும் டெக்ஸ்டைல்ஸ் என்று இன்னோரிடத்திலும் இருந்தால் அங்கேயே நிற்கும். பதிவு கிடைத்த 30 நாளுக்குள் ஜிஎஸ்டி தளத்திலும் வங்கி விவரத்தை ஏற்றியாக வேண்டும். தவறினால் பதிவே இடைநிறுத்தப்படலாம்.

முகவரியில்தான் இரண்டு வழிக்கும் இடையே பெரிய வித்தியாசம். என்ரோல்மென்ட் ஐடியில் பார்சல் எடுக்கும் இடம் அதே மாநிலத்தில் இருந்தால் போதும். முழு ஜிஎஸ்டியில் சரக்கு இருக்கும் ஒவ்வோர் இடமும் சான்றிதழில் இருக்க வேண்டும். வீட்டைப் பதிவு செய்துவிட்டு, சித்தப்பாவின் குடோனிலிருந்து பார்சல் அனுப்பப் போகிறீர்கள் என்றால் குடோனையும் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். தளத்தின் கிடங்கிலேயே சரக்கை வைத்தால் அந்தக் கிடங்கின் முகவரியும் அப்படியே. இடத்துக்கு அத்தாட்சியாக வீட்டு வரி ரசீதோ ஈபி பில்லோ கேட்பார்கள். ஈபி இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். அதை மாற்றிவிட்டு, அல்லது நடப்பில் உள்ள உரிமையாளர் பெயரில் வீட்டு வரி ரசீதும் சம்மதக் கடிதமும் வாங்கிவிட்டு விண்ணப்பித்தால், விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸையும் அதற்கு 7 வேலை நாளில் பதில் தரும் பரபரப்பையும் தவிர்க்கலாம்.

வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் முதன்மை வணிக இடத்தின் முகவரி யாருக்கும் தெரியும். பார்சலோடு போகும் பில்லிலும் அது இருக்கும். வீட்டு முகவரி ஊரெல்லாம் போவதில் தயக்கம் இருந்தால், பதிவுக்கு முன்பே உறவினர் கடையில் ஒரு மூலையைச் சம்மதக் கடிதத்தோடு வாங்கி, அதையே முதன்மை இடமாகவும் பார்சல் எடுக்கும் இடமாகவும் தருவது நல்லது. அந்த இடத்தின் பின்கோடுக்குக் கூரியர் வந்து எடுக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு முகவரியை மாற்ற மறுபடியும் விண்ணப்பித்து, அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.