கல்யாண வீடியோ: விசிடியைப் பெரிதாக்குவதா, கேசட்டை ஓட்டிக் கணினியில் மறுபடி பதிவதா?

இரண்டும் கையில் இருந்தால் கேசட்டைத்தான் எடுப்பேன்.

தெளிவு, விசிடி: படம் 352×288 புள்ளிகள்தான். ஏஐ மென்பொருள் அதை நான்கு மடங்காக்கும்போது இல்லாததை ஊகித்து வரைகிறது. பந்தியின் கடைசி வரிசையில் பத்துப் புள்ளி அகலத்தில் இருக்கும் பெரியம்மா முகம் பளிச்சென்று வரும்; ஆனால் அது வேறு யாரோ.

தெளிவு, கேசட்: 720×576-இல் பதிந்தாலும் முகம் மங்கல்தான், ஆனால் பெரியம்மாதான். விசிடியில் பெரும்பாலும் விட்டுப்போன பாதி அசைவும் கிடைக்கும்: நொடிக்கு 25 படம் அல்ல, 50.

செலவு: விசிடிக்குக் கணினி இரவு முழுக்க ஓடும். கேசட்டுக்கு நல்ல விசிஆர் வேண்டும். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

கேசட் இல்லையா? சரி, விசிடியை இரண்டு மடங்கோடு நிறுத்துங்கள். அசல் கோப்பை அழிக்காதீர்கள்.