"வெக்டர் ஃபைல்" என்று காசு வாங்கிவிட்டு PNG கொடுத்தார்: டை கட் ஸ்டிக்கர் செய்யப்போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் வீட்டு நாயின் போட்டோவைக் கார்ட்டூன் மாதிரி மாற்றி, 70 மில்லிமீட்டர் உயரத்தில், அதன் உருவத்தை ஒட்டியே வெட்டிய டை கட் ஸ்டிக்கராக அடிக்க ஆசைப்பட்டேன். ஆன்லைனில் ஒரு டிசைனரைப் பிடித்தேன். படத்தோடு வெள்ளை பார்டர், கத்தி போக வேண்டிய வெட்டுக்கோடு, அந்தக் கோட்டைத் தாண்டியும் கொஞ்சம் நிறம் நீளும் ப்ளீட் எல்லாம் வைத்து, பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாக வரைந்த, அச்சுக்குத் தயாரான வெக்டர் ஃபைல் தருவதாகச் சொல்லி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

வந்தது ஒரு PDF. ஃபோனில் திறந்து பார்த்தேன், அழகாக இருந்தது. ஓகே சொல்லிவிட்டு அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். இருநூறு ஸ்டிக்கர் வந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் இடது பக்கம் பார்டரே இல்லை, வலது பக்கம் சாம்பல் நிறத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று. விளிம்பு எலி கடித்தது போல ரம்பம் ரம்பமாக இருந்தது. ஒட்டிய இரண்டாம் நாளே முனைகள் தூக்கிக்கொண்டன.

அச்சகத்தைக் கேட்டால் ஃபைல் சரியில்லை என்றார்கள். டிசைனரைக் கேட்டால் அச்சகம் சரியில்லை என்றார். சரி, நாமே பார்ப்போம் என்று ஃபைலை இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து Ctrl+Y அழுத்தினேன். அது நிறத்தையெல்லாம் நீக்கிவிட்டுக் கோடுகளை மட்டும் காட்டும் பார்வை. வெட்டுக்கோடு இருந்திருந்தால் நாயின் உருவத்தைச் சுற்றி ஒரு வளைகோடு தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரு செவ்வகம் மட்டும்தான். அதாவது PDF உறைக்குள் ஒரே ஒரு PNG படம். அதுவும் 500 பிக்சல் உயரம். 70 மில்லிமீட்டருக்கு அதை விரித்தால் அங்குலத்துக்கு 180 பிக்சல், அதாவது 180 dpi அளவில்தான் வரும். 300 dpi வேண்டுமென்றால் சுமார் 830 பிக்சல் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து அந்தப் படத்துக்கு அடியில் கருநீலத்தில் ஒரு லேயர் போட்டேன். அப்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. வெள்ளை பார்டர் ஒரு மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றி மெல்லிய நிழல் வேறு. திரையில் ஸ்டிக்கர் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று போட்டது, அச்சுக்குப் போகும் ஃபைலிலும் அப்படியே இருந்துவிட்டது.

வெட்டும் இயந்திரத்தின் கத்தி அச்சிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் விலகுவது சகஜம். ஒரு மில்லிமீட்டர் வரைகூட விலகலாம். என் ஃபைலில் பார்டரே அவ்வளவுதான் என்பதால் ஒரு பக்கம் அது காணாமல் போய், எதிர்ப்பக்கம் வெளியே இருந்த நிழல் உள்ளே வந்துவிட்டது. ஃபைலில் கோடு இல்லாததால் அச்சகத்தார் மென்பொருளை விட்டு விளிம்பைத் தானாக வரையச் செய்திருக்கிறார்கள். அது மங்கலான ஒவ்வொரு பிக்சலையும் பின்தொடர்ந்து ஆயிரத்துக்கும் மேல் புள்ளிகளோடு ஒரு கோட்டைப் போட்டிருக்கிறது. அத்தனை புள்ளியிலும் கத்தி தயங்கித் திரும்பியதால்தான் அந்த ரம்பம். கூர்முனைகள்தான் முதலில் உரியும். அச்சிடும் முன் சரிபார்க்க ஒரு ப்ரூஃப் காட்டியிருந்தால் எல்லோரும் தப்பித்திருப்போம். அந்த விஷயத்தில் அச்சகத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இரண்டாம் முறை நானே செய்தேன். முதலில் நாயின் உருவத்தை ஒரே கருப்பு நிழலுருவாக வரைந்து, மீசை முடி, காதுக்கும் கழுத்துக்கும் நடுவிலிருந்த சந்து இரண்டையும் அடைத்தேன். முடி முடியாக வெட்ட எந்தக் கத்தியாலும் முடியாது. அந்த உருவத்தை இல்லஸ்ட்ரேட்டரின் ஆஃப்செட் பாத் வசதியில் 3 மில்லிமீட்டர் வெளியே தள்ளி, மூலைகளை உருட்டையாக்கினேன். அதன் விளிம்புதான் வெட்டுக்கோடு. நாற்பது புள்ளிகூட வரவில்லை. அதையே நகலெடுத்து இன்னும் 2 மில்லிமீட்டர் வெளியே தள்ளி வெள்ளை நிரப்பி, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். ப்ளீட் அதுதான்.

"வெள்ளை பார்டருக்கு எதற்கு ப்ளீட்?" என்று அந்த டிசைனர் கேட்டிருந்தார். வெள்ளை வினைல் ஸ்டிக்கர் தாளில், வெளியே எதுவும் அச்சாகாமல் இருந்தால் அவர் சொல்வது சரிதான், வினைலே ப்ளீட் மாதிரி இருந்துவிடும். நிழலைப் போட்டுவிட்டு அதைச் சொல்லக்கூடாது. ஒளி ஊடுருவும் வினைல் என்றால் வெள்ளை மையையே தனியாக அச்சிட வேண்டும், அந்த வெள்ளை வெட்டுக்கோட்டைத் தாண்டிப் போகாவிட்டால் விளிம்பில் பல் இளிக்கும்.

வெட்டுக்கோட்டுக்கு நிரப்பு நிறம் கிடையாது, மெல்லிய கோடு மட்டும். அதை மற்ற நிறங்களோடு கலக்காமல், தனிப் பெயர் கொண்ட ஸ்பாட் கலராக வைத்து, அச்சகம் கேட்ட `CutContour` என்ற பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்தேன். பெயர் மாறினால் இயந்திரம் அதை வெட்டாமல் படத்தோடு சேர்த்து அச்சிட்டுவிடலாம்.

புதிய தாளிலும் கத்தி அரை மில்லிமீட்டர் விலகித்தான் இருந்தது. 3 மில்லிமீட்டர் பார்டரில் அது யார் கண்ணிலும் படவில்லை. பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. "ஃபோனில் பார்த்து ஓகே சொன்னது நீங்கள்தானே" என்பதுதான் அந்த டிசைனர் கடைசியாக அனுப்பிய பதில்.