செயினிங்கா, லீனியர் புரோபிங்கா? 36-ஐ நீக்கிப் பாருங்கள்

ஹாஷ் டேபிளில் இரண்டு எண்கள் ஒரே அறைக்கு வந்து மோதினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, பாடத்தில் இரண்டு விடைகள் வருகின்றன. மோதியவற்றையெல்லாம் அதே அறையில் லிங்க்டு லிஸ்ட்டாகக் கோர்த்துவிடுவது செயினிங். அறை நிரம்பியிருந்தால் அடுத்த அறை, அதுவும் நிரம்பியிருந்தால் அதற்கடுத்தது என்று காலி இடம் கிடைக்கும்வரை நகர்வது லீனியர் புரோபிங். மாணவர்களின் நோட்டுகளைப் பார்த்தால், ஐந்தாறு எண்களைச் செருகிப் படம் வரைந்ததோடு இரண்டும் முடிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தேடும்போதும் நீக்கும்போதும்தான் வெளியே வருகிறது. அதனால் ஒரே கணக்கை இரண்டு முறையிலும் கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

அணியில் 0 முதல் 10 வரை 11 அறைகள். எண்ணை 11-ஆல் வகுத்து வரும் மீதிதான் அதன் சொந்த அறை. செருக வேண்டியவை, இந்த வரிசையிலேயே: 25, 36, 14, 48, 70, 16. முதல் மூன்றுக்கும் மீதி 3. அடுத்த இரண்டுக்கு 4. கடைசி 16-க்கு மீதி 5.

செயினிங்கில் வேலை எளிது. 3-ஆம் அறையின் சங்கிலியில் 25, 36, 14. 4-இல் 48, 70. 5-இல் 16 மட்டும். 16-ஐத் தேடினால் முதல் ஒப்பீட்டிலேயே கிடைத்துவிடும். 3-இல் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் 5-ஆம் அறைக்கு அது தெரியவே தெரியாது.

லீனியர் புரோபிங்கில் 25 தன் அறையான 3-இல் அமர்கிறது. 36-க்கு 3 இல்லை, 4-க்குப் போகிறது. 14 அங்கிருந்து 5-க்கு. 48-இன் சொந்த அறை 4, ஆனால் அதில் 36 இருக்கிறது, 5-இல் 14 இருக்கிறது, எனவே 6. 70 இதேபோல் நகர்ந்து 7. இப்போது 16 வருகிறது. அதனுடன் மீதி ஒத்துப்போகும் எண் இந்தப் பட்டியலில் வேறு எதுவுமே இல்லை. ஆனாலும் 5, 6, 7 மூன்றிலும் பிறர் குடியேறிவிட்டதால் 8-இல் போய் உட்காருகிறது. மோதலே இல்லாத எண் மூன்று அறை தள்ளிப் போய்விட்டது.

இந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள். 3 முதல் 8 வரை இடைவெளியே இல்லாமல் ஒரு கொத்து உருவாகியிருக்கிறது. அடுத்து வரும் எண்ணின் சொந்த அறை 3 முதல் 9 வரை எதுவாக இருந்தாலும் அது 9-இல்தான் போய்ச் சேரும். அதாவது 9 நிரம்ப 11-இல் 7 வாய்ப்பு. 0-ஆம் அறைக்கோ 11-இல் 1 மட்டுமே. பெரிய கொத்து இன்னும் வேகமாகப் பெருகுகிறது. இதைத்தான் பிரைமரி கிளஸ்டரிங் என்கிறார்கள். இல்லாத எண்ணைத் தேடும்போது இதன் விலை தெரியும். 27-க்கு மீதி 5. செயினிங்கில் 16-உடன் ஒப்பிட்டதும் சங்கிலி முடிந்துவிடும். லீனியர் புரோபிங்கில் 5, 6, 7, 8 எல்லாவற்றையும் பார்த்து, 9 காலி என்று கண்ட பிறகே 'இல்லை' என்று சொல்ல முடியும்.

டொனால்ட் நூத் 1963-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். நிரம்பிய அறைகளின் விகிதம் α என்றால், ஹாஷ் சார்பு எண்களைச் சீராகப் பரப்பும் பெரிய அணியில், இல்லாத எண்ணைத் தேட லீனியர் புரோபிங் சராசரியாகப் பார்க்கும் அறைகள்:

```
(1 + 1/(1-α)²) / 2
```

அணி பாதி நிரம்பியிருந்தால் 2.5 அறைகள். பத்தில் ஒன்பது பங்கு நிரம்பினால் 50.5. அதே 0.9-இல் செயினிங் சராசரியாக 0.9 ஒப்பீடுதான் செய்கிறது, ஒன்றுகூட முழுதாக இல்லை.

இனி நீக்குதல். என் கண்ணில் இதுதான் இரண்டையும் பிரிக்கும் கோடு. 36-ஐ நீக்குங்கள். செயினிங்கில் 25-இன் சுட்டியை 14-க்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. லீனியர் புரோபிங்கில் 4-ஆம் அறையைக் காலி என்று மாற்றினால் என்ன ஆகும்? 14-ஐத் தேடுங்கள்: 3-இல் 25, அடுத்து 4 காலி, எனவே 'இல்லை'. ஆனால் 14 பத்திரமாக 5-இல் இருக்கிறது. 48-உம் 70-உம் தங்கள் சொந்த அறையான 4-ஐக் காலியாகக் கண்டு அங்கேயே தொலைந்துவிடும். 5-இலிருந்து தேடத் தொடங்கும் 16 மட்டும் தப்பிக்கும். ஒன்றை நீக்கினோம், நான்கு போய்விட்டன. நிரல் எந்தப் பிழையும் காட்டாது. மறுபடி 14-ஐச் செருகினால் 4-இல் இரண்டாவது பிரதி ஒன்று சத்தமில்லாமல் ஏறிவிடும்.

இதற்கு மாற்று, நீக்கிய அறையில் ஒரு நினைவுக்கல் நடுவது: 'இங்கே ஒருவர் இருந்தார், தேடலை நிறுத்தாதே' என்ற அடையாளம். அணியின் பெயர் `T`, `EMPTY` -1, `DELETED` -2 என்று வைத்துக்கொண்டால், பூஜ்யமோ அதற்கு மேலோ உள்ள எண்களைத் தேடும் நிரல் இப்படி இருக்கும்:

```c
int find(int key) {
    int i = key % 11;
    for (int n = 0; n < 11; n++) {
        if (T[i] == EMPTY) return -1;
        if (T[i] == key) return i;
        i = (i + 1) % 11;
    }
    return -1;
}
```

`DELETED` அறை `EMPTY` அல்ல என்பதால் தேடல் அதைத் தாண்டிப் போகிறது. `n < 11` என்ற எல்லையை விட்டுவிடாதீர்கள். செருகுவதும் நீக்குவதுமாகப் பல முறை நடந்தால் உண்மையான காலி அறை ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். அப்போது எல்லையில்லாத தேடல் முடிவே இல்லாமல் சுற்றும். நினைவுக்கல் இருந்த அறையில் புதிய எண்ணை வைக்கலாம், ஆனால் அந்த எண் அடுத்து வரும் அறைகளில் எங்கும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே.

நினைவுக்கல் வேண்டாம் என்றால் பின்னிழுக்கலாம்: 4 காலியானதும் 14-ஐ 4-க்கும், 48-ஐ 5-க்கும், 70-ஐ 6-க்கும், 16-ஐ 7-க்கும் இழுத்து, 8-ஐக் காலியாக்கலாம். ஆனால் ஓர் எண்ணை அதன் சொந்த அறைக்கு முன்னால் இழுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு நகர்வுக்கும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் லீனியர் புரோபிங் ஏன் பிழைத்திருக்கிறது? நினைவகம் அதன் பக்கம் நிற்கிறது. இன்றைய பெரும்பாலான கணினிகளில் பிராசஸர் ஒரு முறைக்கு 64 பைட்டுகளைச் சேர்த்தே கேஷுக்குள் கொண்டுவருகிறது. நான்கு பைட் எண்கள் பதினாறு அதில் அடங்கும். பக்கத்துப் பக்கத்து அறைகளைப் பார்ப்பது ஏறக்குறைய இலவசம். செயினிங்கில் ஒவ்வொரு கண்ணியும் நினைவகத்தின் வேறு மூலையில் இருக்கலாம், அதோடு ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட் சுட்டி வேறு. சிறிய எண்கள், பாதிக்கு மேல் நிரம்பாத அணி, அரிதாக நீக்குதல் என்றால் நான் லீனியர் புரோபிங்கைத்தான் எடுப்பேன். எவ்வளவு தரவு வரும் என்று தெரியாத இடத்திலும், அடிக்கடி நீக்க வேண்டிய இடத்திலும் செயினிங்.

மொழிகளும் இரண்டாகப் பிரிந்தே நிற்கின்றன. ஜாவாவின் `HashMap` செயினிங், இயல்பாக 0.75 நிரம்பியதும் அணியை இரட்டிப்பாக்கும். ஜாவா 8-இலிருந்து, அணி போதிய அளவு பெரிதாக இருக்கும்போது எட்டைத் தாண்டி நீளும் சங்கிலியை ரெட்-பிளாக் மரமாக மாற்றிவிடுகிறது. பைத்தானின் `dict` அணிக்குள்ளேயே இடம் தேடுகிறது. ஆனால் அடுத்தடுத்த அறைக்கு நகராமல், ஹாஷ் மதிப்பின் மீதிப் பிட்டுகளையும் கலந்து தாவுகிறது. நம் 16-க்கு நேர்ந்தது போன்ற கொத்துகள் அங்கே எளிதில் வளர்வதில்லை.