ரோஜாவின் சிவப்பு தாளில் அடங்காதபோது எந்த வழி?

அடர்சிவப்பு ரோஜா ஒன்றின் அண்மைப் படம். திரையில் ஒவ்வோர் இதழின் மடிப்பும் தெரிகிறது. மேட் தாளில் அச்சிட்டால் நடுப்பகுதி ஒரே சிவப்புத் திட்டாகிவிடுகிறது. அந்தத் தாளும் மையும் சேர்ந்து எட்டக்கூடிய சிவப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிய பல சிவப்புகள் எல்லையிலேயே வந்து குவியும்போது, மடிப்பைக் காட்டிய நுண்ணிய வேறுபாடு அழிந்துபோகிறது.

மை செலவாகும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் Develop பகுதியில் S விசையை அழுத்தி, அந்த அச்சுப்பொறியும் தாளும் எட்டக்கூடிய நிறங்களை விவரிக்கும் கோப்பான ஐசிசி புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு Shift + S அழுத்தினால், அடங்காத இடங்களின் மேல் சிவப்புப் பூச்சு தோன்றும். சிவப்புப் பூவில் அது எளிதில் கண்ணில் படாது என்பதால், அணைத்தும் போட்டும் பார்க்க வேண்டும்.

இனி என்ன செய்வது? எல்லை மீறிய நிறங்களை எப்படிக் கையாள்வது என்பதற்கு மென்பொருளிலேயே இரண்டு தேர்வுகள் உண்டு. Relative என்ற தேர்வு, எல்லைக்குள் இருக்கும் நிறங்களைத் தொடுவதில்லை. இலையின் பச்சை அப்படியே நிற்கும்; மீறிய சிவப்பு மட்டும் எல்லையில் வெட்டுப்படும். இதழின் கதி மேலே சொன்னதுதான். Perceptual என்ற தேர்வு எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி, அவற்றின் இடைவெளிகளைக் காக்கப் பார்க்கிறது. மடிப்புகள் திரும்பி வரும், ஆனால் எந்தக் குறையும் இல்லாத இலையும் கொஞ்சம் மங்கும். எவ்வளவு சுருக்குவது என்பதை முடிவு செய்வது உங்கள் படம் அல்ல, புரொஃபைலைத் தயாரித்தவர். திரைகளுக்கான சாதாரண எஸ்ஆர்ஜிபி புரொஃபைலில் அந்தச் சுருக்கல் அட்டவணையே கிடையாது. அங்கே இரண்டு தேர்வுகளுக்கும் வேறுபாடு தெரியாது.

மூன்றாவது வழி கையால் திருத்துவது. என் தேர்வு இதுதான்: Relative-இல் வைத்துக்கொண்டு, பூவுக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் சரிசெய்வேன். முதலில் Create Proof Copy அழுத்தித் தனிப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் இந்தத் தாளுக்கு மட்டுமே உரியது. பிறகு செறிவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இதழ் மடிப்பு எப்போது பிரிகிறது என்று 100 சதவீத அளவில் பார்க்கிறேன். ஒளிர்வையும் லேசாக மாற்றினால் செறிவை அதிகம் இழக்க வேண்டியிருக்காது.

எச்சரிக்கைப் பூச்சு முழுவதும் மறையும் வரை குறைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு நிறம் எல்லையை மயிரிழை தாண்டினாலும் வெகுதூரம் தாண்டினாலும் அந்தப் பூச்சு ஒன்றுபோலவே காட்டும். அதை விரட்டிக்கொண்டே போனால் ரோஜா செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். மடிப்பு தெரிந்துவிட்டால் மிச்சப் பூச்சு இருக்கட்டும்.

நேரமில்லாதபோதும், படம் முழுக்கவே செறிந்த நிறங்கள் நிரம்பியிருக்கும்போதும் Perceptual போதும். ஒரே ஒரு பொருள்தான் மீறுகிறது என்றால் மாஸ்க்குக்கு ஆகும் பத்து நிமிடம் தகும். திரையாலேயே காட்ட முடியாத நிறமும் உண்டு என்பதால், பூவின் நடுப்பகுதியை மட்டும் அதே தாளில் சிறு துண்டாக அச்சிட்டுப் பார்த்த பிறகே பெரிய தாளை ஏற்றுவேன்.