நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா?

"7 புள்ளி, 1 வரை" என்று யாராவது அளவு சொன்னால், அதை வைத்துக்கொண்டு உடனே கோலம் போட்டுவிட முடியாது. நேர்ப்புள்ளியில் ஒரு வரிசையின் புள்ளிகள் மேல் வரிசைப் புள்ளிகளுக்கு நேர்க்கீழே நிற்பதால், இரு ஓரங்களிலும் ஒவ்வொன்றாகக் குறைந்து 7, 5, 3, 1 என்று முடியும். நடு வரிசைக்கு மேலும் கீழும் சேர்த்து மொத்தம் 25 புள்ளிகள். இடைப்புள்ளியில் இரு புள்ளிகளின் நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழுவதால், வரிசைக்கு ஒன்றுதான் குறையும். 7, 6, 5 என்று 1 வரை இறங்கினால் 49 ஆகிவிடும். எனவே எண்களை மட்டும் குறித்துக்கொண்டு வகையைக் குறிக்காமல் விட்டால், மறுநாள் வாசலில் திண்டாட வேண்டியதுதான்.

சமச்சீரும் இங்கேதான் பிரிகிறது. நேர்ப்புள்ளியில் நடுப்புள்ளியைச் சுற்றிச் சம தூரத்தில் நான்கு புள்ளிகள் இருப்பதால், ஒரு கால்பகுதியை வரைந்து அதையே மற்ற மூன்று பக்கமும் திருப்பிப் போட்டால் கோலம் நிறைந்துவிடும். இடைப்புள்ளியில் நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளிகள். ஆறிதழ்ப் பூவும் அறுமுனை நட்சத்திரமும் அதில் இயல்பாக அமைகின்றன. ஆனால் 1 வரை இறங்கினால் உருவம் நெட்டுவாக்கில் நீண்டு, ஆறுமடிச் சமச்சீர் கெட்டுவிடும். 7 புள்ளிக்கு 4 வரை, 15 புள்ளிக்கு 8 வரை என்று நிறுத்தினால்தான் வெளிவிளிம்பு ஆறு சம பக்கங்களாக அமையும். 7-க்கு 4 வரை என்றால் 37 புள்ளிகள்.

இடைப்புள்ளியில் பெரும்பாலோர் தவறுவது வரிசை இடைவெளியில்தான். புள்ளிக்குப் புள்ளி 8 அங்குலம் விட்டால், வரிசைக்கு வரிசை ஏறக்குறைய 7 அங்குலமே விட வேண்டும். இரண்டையும் 8 ஆக்கினால் நட்சத்திரம் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும். நேர்ப்புள்ளியில் இந்தத் தொல்லை இல்லை என்பதால், புதிதாகப் பழகுகிறவருக்கு அதையே நான் சொல்வேன்.

சிக்குக் கோலத்தில் புள்ளிகளை இணைக்காமல் கம்பி அவற்றைச் சுற்றிச் செல்லும். 1, 3, 1 என ஐந்து நேர்ப்புள்ளிகளை வையுங்கள். நடுப்புள்ளிக்கும் ஒவ்வொரு ஓரப்புள்ளிக்கும் நடுவில் கம்பி ஒருமுறை தன்னையே வெட்டிக்கொண்டு, ஓரப்புள்ளியைச் சுற்றித் திரும்பி வந்தால், கை எடுக்காமல் ஒரே கம்பியில் நான்கு சுழிகளும் முடிந்துவிடும். அந்த நான்கு வெட்டுகளில் ஒன்றை மட்டும் தவறவிட்டு அங்கே கம்பியைத் திருப்பிவிட்டால், ஓரப்புள்ளி தனி வளையமாகக் கழன்றுகொள்ளும். நான்கு பக்கச் சமச்சீரும் உடனே போய்விடும்.

போட்டு முடித்த கோலத்தில் புள்ளி தெரியாவிட்டால், நடுப்பூவின் இதழ்களை எண்ணலாம். நான்கு என்றால் பெரும்பாலும் நேர்ப்புள்ளி, ஆறு என்றால் இடைப்புள்ளி. எட்டு இதழ் மட்டும் ஏமாற்றும்: இருதய கமலம் போல எட்டுத் திசைக்கும் கோடு பிடித்துப் புள்ளி வைத்த கோலங்கள் இந்த இரண்டிலும் சேராதவை.