வெட்டிய விலையா, 990 முடிவா?

மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை ஒன்லைனில் 2,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். விலையை 1,990 என்று போடலாம், இல்லாவிட்டால் 2,600 என்று எழுதி வெட்டிப் பக்கத்தில் 2,000 போடலாம்.

1,990 வேலை செய்வது இடப்பக்கத்து முதல் இலக்கத்தால்தான். கண் அதைத்தான் முதலில் பிடிக்கும், 2 போய் 1 வருவதால் பத்து ரூபாக் குறைவு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 2,450ஐ 2,440 ஆக்கினால் முதல் இலக்கம் மாறாது, பெரிய பலனும் இருக்காது. இதில் பொய் எதுவும் இல்லை, வாங்குபவர் கொடுப்பதும் அதே 1,990தான். ஒன்றே ஒன்று, கூரியர் காசு 400ஐ அந்த விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், கடைசிப் பக்கத்தில் திடீரென்று 2,390 என்று காட்டினால் அது ஏமாற்று.

வெட்டிய விலைக்கு இழுப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் 2,600ஐப் பார்த்த பிறகு மனசு 2,000ஐ அதோடுதான் ஒப்பிடும். அதனாலேயே ஆபத்தும் அதிகம். அந்தச் சாரத்தை நீங்கள் 2,600க்கு உண்மையில் விற்றிருக்க வேண்டும், அதுவும் அண்மையில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், தள்ளுபடி என்று அறிவித்தால் பொதுவாக முந்தைய 30 நாட்களில் இருந்த ஆகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். இங்கேயும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்காக அதே தள்ளுபடி தொங்கினால் 2,000தான் வழமையான விலை, அப்புறம் 2,600 வெறும் கதை.

என் தெரிவு 1,990. வெட்டிய விலையைப் பெருநாள், தீபாவளி முடிந்து மிஞ்சிய சரக்குக்கு மட்டும், முடியும் திகதியோடு போடுங்கள்.